டப்பாவில் இருப்பது கம்பெனிப் பொருளா?

இருசக்கர வாகன உதிரிப்பாகக் கடையில் ஒரே பிரேக் ஷூவுக்கு நான்கு விலை சொல்வார்கள். முதல் விலை, வண்டி தயாரித்த கம்பெனியின் பெயரும் முத்திரையும் போட்ட டப்பாவுக்கு. கடைக்காரர் ‘ஒரிஜினல்’ என்றும் ‘கம்பெனி பார்ட்ஸ்’ என்றும் சொல்வது இதைத்தான். இரண்டாவது, வண்டிக் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலையே தன் சொந்தப் பெயரில் கடைகளுக்கு அனுப்பும் பொருள். மூன்றாவது, வண்டிக் கம்பெனியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நிறுவனம், அந்த வண்டிக்குப் பொருந்தும்படி தயாரித்துத் தன் பெயரில் விற்பது. சந்தையில் இதற்கு ‘லோக்கல்’ என்று பெயர். அதிலும் தரம் ஏறி இறங்கி இருக்கும். நான்காவது வகை, பெயரையும் முத்திரையையும் திருடி அச்சடித்த டப்பாவில் வரும் போலி. அதாவது டூப்ளிகேட்.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம் வருகிறது. வெளிச்சந்தைப் பொருள் எல்லாமே போலி என்று ஷோரூம் தரப்பு சொல்லும். டப்பா மட்டும்தான் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே என்று கடைத்தெரு சொல்லும். இரண்டுமே பாதி உண்மை. கோவையின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் ‘ரோலான்’ என்ற பெயரில் சங்கிலி விற்கிறது. சென்னையின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ‘டைமண்ட்’ என்ற பெயரில் விற்கிறது. பெங்களூரின் சுப்ரஜித் கேபிள் விற்கிறது. இவை வண்டிக் கம்பெனிகளுக்கும் பாகம் தருபவை. தம் பெயரை மறைக்காமல் விற்பவை. இவற்றை வாங்குவது யாரையும் ஏமாற்றுவதும் ஆகாது, ஏமாறுவதும் ஆகாது. அதற்காக, கம்பெனி டப்பாவில் போகும் சரக்கும் அதே தொழிற்சாலை தன் பெயரில் விற்கும் சரக்கும் எப்போதும் ஒரே அளவுக் குறிப்பில் செய்யப்பட்டவை என்றும் சொல்லிவிட முடியாது.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, ஒரு பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று தெரிவிப்பதற்காக அந்த வண்டியின் பெயரைக் குறிப்பிட இடம் தருகிறது. ஆகவே ‘ஸ்பிளெண்டருக்கு ஏற்றது’ என்று ஓரத்தில் எழுதி, தன் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கும் டப்பா குற்றமற்றது. அதே டப்பாவில் வண்டிக் கம்பெனியின் முத்திரையைப் பெரிதாகப் போட்டு, ‘ஏற்றது’ என்ற சொல்லை எறும்பெழுத்தில் ஒளித்துவைத்தால் அது எல்லையைத் தாண்டும் வேலை. முத்திரையை அப்படியே நகலெடுத்தால் அதே சட்டத்தின் 103, 104-ஆவது பிரிவுகள் வரும்: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அச்சடித்தவருக்கு மட்டுமல்ல, விற்றவருக்கும் உண்டு.

எண்ணைப் படிப்பது

ஒவ்வொரு பாகத்துக்கும் வண்டிக் கம்பெனி ஓர் எண் கொடுத்திருக்கிறது. அந்த எண் பொருளின் தரத்தைச் சொல்லாது. எந்தப் பொருள், எந்த வண்டிக்காக முதலில் வரையப்பட்டது, எத்தனையாவது திருத்தம் என்பவற்றைத்தான் சொல்லும். இதில் ஹோண்டாவின் முறை படிக்க எளிது. 1984 முதல் ஹீரோவும் ஹோண்டாவும் கூட்டாக வண்டி செய்ததால், பிரிந்த பிறகும் ஹீரோவின் பழைய வண்டிகளுக்கு இதே வாய்பாடு ஓடுகிறது. எனவே நாட்டில் ஓடும் பைக்குகளில் பெரும் பங்கிற்கு இந்த ஒரு முறையைத் தெரிந்துகொண்டாலே போதும்.

ஹோண்டா சிபிஆர் 250ஆர் பைக்கின் ஆயில் ஃபில்டர் எண் 15410-KYJ-902. முதல் ஐந்து இலக்கம் பொருளின் வகை. 15 என்று தொடங்கினால் எஞ்சின் ஆயில் ஓடும் பகுதி. 15410 என்றால் ஆயில் ஃபில்டர். இப்படியே 17210 ஏர் ஃபில்டர், 22870 கிளட்ச் கேபிள், 17910 ஆக்ஸிலரேட்டர் கேபிள், 40530 சங்கிலி. 06 என்று தொடங்கினால் பல பாகம் சேர்ந்த செட். பிரேக் பேட் செட், பிரேக் ஷூ செட், சங்கிலி-ஸ்பிராக்கெட் செட் எல்லாம் 06-இல் தொடங்கும். நடுவில் உள்ள மூன்று எழுத்து வண்டியின் குறி. KYJ என்பது சிபிஆர் 250ஆர். கடைசி மூன்று இலக்கம் திருத்தத்தைக் காட்டும். நிறம் பூசிய பாகமாக இருந்தால் இறுதியில் ZA, ZB என்று நிறத்துக்கான எழுத்தும் சேரும்.

நடுக் குறியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து வந்த சிபி 300ஆர் பைக்கும் இதே 15410-KYJ-902 ஃபில்டரைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த வண்டிக்காரர் டப்பாவில் வேறு வண்டியின் குறியைப் பார்த்துவிட்டு, தவறான பொருளைக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனால் தோற்றுப்போவார். அந்தப் பாகம் எந்த வண்டிக்காக முதலில் வரையப்பட்டதோ அதன் குறிதான் நடுவில் நிற்கும்; பின்னால் வந்த வண்டிகள் அதைக் கடன் வாங்கிக்கொள்ளும். பொருந்துமா என்பதை கம்பெனியின் பாகப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். குறியை வைத்து ஊகிக்கக் கூடாது.

கடைசி இலக்கங்களும் ஏதாவது சொல்லும். பட்டியலில் 901 என்று இருக்க, கையில் கிடைத்த டப்பாவில் 902 என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கம்பெனி அந்தப் பாகத்தைத் திருத்தி, பழைய எண்ணை நிறுத்தி, புதியதைக் கொடுத்திருக்கிறது. ஷோரூம் கவுண்டரில் பழைய எண்ணைத் தட்டினால் கணினியே புதிய எண்ணுக்கு அழைத்துப் போகும். இதன் மறுபக்கம்தான் கவனிக்க வேண்டியது. போலி அச்சடிப்பவர் ஒரு முறை வார்ப்பு எடுத்த டப்பாவையே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவார். கம்பெனி எண்ணை மாற்றியது அவர் காதுக்கு எட்டாது. கம்பெனி எப்போதோ கைவிட்ட எண், ஆனால் பாக்கிங் தேதி போன மாதம் என்று ஒரு டப்பா வந்தால் அதைக் கீழே வைத்துவிடலாம்.

9 என்று தொடங்கும் எண்கள் தனி இனம். போல்ட், நட்டு, பேரிங் போன்ற பொதுப் பொருள்கள் இதில் வரும்; பலவற்றில் வண்டிக் குறி இருக்காது, பதிலாக அளவே எண்ணுக்குள் இருக்கும். 95701-06020-00 என்பது 6 மில்லிமீட்டர் தடிமனும் 20 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட போல்ட். இவற்றை நல்ல வெளிக் கம்பெனியிடம் அதே அளவில் வாங்கினால் பெரும்பாலும் குறை வராது.

யமஹாவில் வரிசை தலைகீழ். வண்டிக் குறி முன்னால் வரும், பொருளின் வகை நடுவில் வரும். ஆர்3 பைக்கின் ஆயில் ஃபில்டர் எண் 5GH-13440 என்று தொடங்கும். 13440 என்றால் ஆயில் ஃபில்டர், 5GH என்பது அது முதலில் பிறந்த வண்டி. சுசுகியில் ஹோண்டாவைப் போலப் பொருள் வகை முதலில் வரும். ஆயில் ஃபில்டருக்கு 16510. பஜாஜ், டி.வி.எஸ். எண்களில் இவ்வளவு வெளிப்படையாகப் படிக்க ஒன்றுமில்லை. எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். பட்டியலைப் பார்க்காமல் அவற்றைப் படிக்க முடியாது.

எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பாதி வேலை. வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் போதாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்கு இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். அமைப்போ ஏ.பி.எஸ்ஸோ கட்டாயம் என்றானது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 வந்தது, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெயர் மாறவில்லை, உள்ளே பிரேக் பகுதி, ஏர் ஃபில்டர், கேபிள் எல்லாம் மாறின. அதனால் ஆர்.சி. புக்கில் உள்ள பதினேழு இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்துத்தான் பாக எண்ணைக் கேட்க வேண்டும். ஷோரூமின் பார்ட்ஸ் கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். சில கம்பெனிகளின் இணையதளத்திலேயே பட்டியல் கிடைக்கிறது. அந்த எண்ணைக் கைபேசியில் குறித்துக்கொண்டு போகிறவரிடம் கடைக்காரர் பேசும் தொனியே வேறு.

ஆனால் எண் சரியாக இருப்பதால் பொருள் ஒரிஜினல் ஆகிவிடாது. எண் பட்டியலில் எல்லாருக்கும் தெரிகிறது. அச்சடிக்கக் காசு கேட்பதில்லை. எண் தவறாக இருந்தால் பொருள் தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். சரியாக இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

லேபிள்

போலிகளைப் பற்றிப் பேசும்போது பலரும் ஹாலோகிராமைத்தான் முதலில் சொல்வார்கள். அதை முதலில் பார்ப்பதை விட லேபிளின் எழுத்தைப் பார்ப்பது பயன் தரும். பாக்கெட்டில் விற்கும் பொருளுக்கு 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி சில விவரங்கள் இருந்தே ஆக வேண்டும்: தயாரித்தவர் அல்லது பாக் செய்தவரின் பெயரும் முழு முகவரியும், பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும். வெளிநாட்டில் இருந்து வந்ததாக இருந்தால் இறக்குமதி செய்தவரின் பெயரும் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் வேண்டும். உண்மையான கம்பெனி இவற்றை விட்டுவைக்காது. விட்டால் அபராதம் கட்ட வேண்டியது கம்பெனிதான். போலி டப்பாவில் முத்திரை பளபளப்பாக இருக்கும்; முகவரி பாதியில் நிற்கும், ஊர் இருந்தால் பின்கோடு இருக்காது, புகார் எண்ணைக் கூப்பிட்டால் மணி அடிக்காது.

அந்தப் புகார் எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை, செய்கிறவர்கள்தான் குறைவு. டப்பாவில் உள்ள எண்ணையும் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டாலே பல டப்பாக்கள் தோற்றுவிடும்.

அடுத்து லேபிளும் டப்பாவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பது. ஒரு கம்பெனி பல பாகங்களுக்கு ஒரே அளவு டப்பாவை வைத்துக்கொண்டு, பாக எண், விலை, தேதி உள்ள லேபிளைத் தனியாக அச்சடித்து ஒட்டுவது வழக்கம். ஆகவே ஒட்டப்பட்ட லேபிள் என்பதாலேயே சந்தேகப்பட வேண்டியதில்லை. லேபிளில் உள்ள பாக எண், பார்கோடுக்குக் கீழே உள்ள எண், உள்ளே பிளாஸ்டிக் பையில் ஒட்டியுள்ள எண், பொருளின் மேல் பொறித்துள்ள குறி ஆகியவை ஒன்றோடொன்று பேச வேண்டும். பார்கோடைக் கைபேசியில் படித்தால் வரும் எண், கண்ணுக்குத் தெரியும் எண்ணோடு ஒத்துப்போகாத போலிகள் உண்டு. பார்கோடை வெறும் அலங்காரமாக ஒட்டியிருப்பார்கள்.

விலை ஒட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப்பாகங்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் பாக் செய்த டப்பாக்களில் புதிய, குறைந்த விலையை ஒட்டி விற்க அனுமதி கிடைத்தது. அதனால் இரண்டு விலை உள்ள டப்பாவைக் கண்டு மிரள வேண்டாம். புதிய ஒட்டு பழைய விலையை மறைக்கக் கூடாது என்பதுதான் விதி. பழைய விலையின் மேலேயே அதிக விலையை ஒட்டியிருந்தால் அது வேறு கதை.

க்யூ.ஆர். குறியும் சுரண்டிப் பார்க்கும் எண்ணும் வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது என்று தோன்றலாம். ஓரளவு ஆகியிருக்கிறது. ஆனால் ஒரு உண்மையான டப்பாவின் க்யூ.ஆர். குறியைப் படம் பிடித்து ஆயிரம் டப்பாவில் அச்சடிக்க முடியும்; அதைப் படித்தால் கம்பெனியின் உண்மையான பக்கமே திறக்கும். எனவே பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில் பொருளில்லை. அந்தத் தனி எண் இதற்கு முன் சோதிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. புதிதாகச் சுரண்டிய எண்ணுக்கு ‘ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது’ என்று பதில் வந்தால், அந்த டப்பாவையோ அதன் எண்ணையோ யாரோ முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். இணைய முகவரியையும் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். கம்பெனியின் பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டிய முகவரியில், ‘இது அசல்’ என்று எப்போதும் பச்சை விளக்கு காட்டும் பக்கத்தை யாரும் உருவாக்கிவிடலாம்.

இதையெல்லாம் தாண்டும் ஒரு தந்திரம் உண்டு: காலி டப்பா. ஒர்க்‌ஷாப்பில் பிரித்த உண்மையான டப்பாவைச் சேதமில்லாமல் எடுத்து, பழைய பேப்பர்காரர் வழியாகத் திரும்ப வாங்கி, உள்ளே மட்டமான பொருளைப் போட்டு மறுபடி மூடுவது. டப்பா, எண், லேபிள், ஹாலோகிராம் எல்லாம் அசல். உள்ளே இருப்பதுதான் போலி. அதனால் டப்பாவின் மூடி ஒரு முறை பிரிந்து மீண்டும் ஒட்டிய தடம் இருக்கிறதா, தயாரிப்பு தேதி ஏன் இவ்வளவு பழையது என்று பார்க்க வேண்டும். பாகத்தை மாட்டிய பிறகு டப்பாவைக் கிழித்துப் போடுவதும் நல்லது. குறுக்கே ஒரு கிழி போதும், லேபிள் இரண்டாகும்படி.

ஒரு பிரேக் ஷூ செட்

இதுவரை சொன்னதை ஒரு பொருளில் வைத்துப் பார்க்கலாம். 110 சிசி ஸ்கூட்டர் ஒன்று; பின் சக்கரம் டிரம் பிரேக். ஷூ தேய்ந்துவிட்டது. தெரு முனை மெக்கானிக், ‘கம்பெனி ஐட்டம்தான் சார்’ என்று ஒரு டப்பாவை நீட்டுகிறார்.

சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஷோரூமில் கேட்டு வைத்த பாக எண், 06430 என்று தொடங்கும் ஹோண்டா வகை எண். பின் சக்கர ஷூ செட். டப்பாவிலும் அதே எண். லேபிளில் முகவரி, மாதம், எம்.ஆர்.பி. எல்லாம் உண்டு. இத்தனைக்கும் பிறகு பொருளை வெளியே எடுக்க வேண்டும்.

ஷூ என்பது பிறை வடிவ அலுமினிய வார்ப்பு. அதன் வெளி வளைவில் உராயும் லைனிங் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். உயிரைக் காப்பது அந்தப் பசைதான். மட்டமான ஷூவில் லைனிங் தேய்வதற்கு முன் பெயர்ந்துவிடும். பெயர்ந்த துண்டு டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் சிக்கினால் சக்கரம் இறுகி நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, லைனிங்கும் அலுமினியமும் சேரும் கோட்டை நுனி முதல் நுனி வரை பார்க்க வேண்டும். எங்காவது முடி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலோ, பசை பிதுங்கிக் காய்ந்திருந்தாலோ வேண்டாம். பிறகு லைனிங்கின் தடிமனை இரண்டு நுனியிலும் நடுவிலும் சாதாரண ஸ்கேலால் பார்க்கலாம். இரண்டு ஷூவையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்தால் வளைவில் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரிந்துவிடும். நல்ல வார்ப்பில் ஓரங்கள் அரத்தில் தேய்த்ததுபோல் வழுவழுப்பாக இருக்கும். மட்டமான வார்ப்பில் அச்சு சேர்ந்த இடத்தில் கூரான விளிம்பு விரலைக் கீறும். பிரேக் கேம் வந்து தள்ளும் முனைகள் இரண்டும் தட்டையாக, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

வார்ப்பில் வண்டிக் கம்பெனியின் முத்திரைக்குப் பதிலாக வேறு ஒரு பெயரோ குறியோ இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டக் கூடாது. கம்பெனிக்காக அதைச் செய்த தொழிற்சாலையின் குறியாக அது இருக்கலாம்; பல அசல் பாகங்களில் அப்படித்தான் இருக்கிறது. உறுதியான ஒப்பீடு வேண்டுமென்றால் வண்டியோடு தொழிற்சாலையில் இருந்து வந்த முதல் ஷூவோடு வைத்துப் பார்க்கலாம். அதற்காகத்தான் கழற்றிய பழைய பாகத்தை மெக்கானிக்கிடமே விட்டுவிடக் கூடாது என்பது. வார்ப்பின் வடிவம், ஸ்பிரிங் மாட்டும் கொக்கியின் இடம், பொறித்த எழுத்தின் பாணி ஆகியவை திருத்தத்துக்குத் திருத்தம் கொஞ்சம் மாறலாம்; மொத்தத்தில் ஒரே கை செய்ததுபோல் இருக்கும்.

மாட்டிய பிறகும் தெரியும். புது ஷூ சில நாள் கொஞ்சம் மந்தமாகப் பிடிப்பது இயல்பு; டிரம்மோடு உராய்ந்து படியும் வரை அப்படித்தான். அதற்குப் பிறகும் கீச்சிடுகிறது, நீண்ட இறக்கத்தில் சூடானதும் பிடிமானம் இழக்கிறது, சக்கரத்தில் கருந்தூள் கொட்டுகிறது என்றால் லைனிங் கலவை சரியில்லை. கலவையில் உலோகத் துணுக்கு கலந்திருந்தால் டிரம்மின் உட்புறத்தில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். பல ஸ்கூட்டர்களில் டிரம் சக்கரத்தோடு சேர்ந்த வார்ப்பு என்பதால், ஷூவில் மிச்சம் பிடித்தவர் சக்கரத்துக்குச் செலவழிக்க வேண்டி வரும்.

ஸ்பார்க் பிளக்கில் சோதனை இன்னும் சுருக்கம். என்.ஜி.கே. பிளக்குகள் போலியாக நிறைய வருவதால் அந்தக் கம்பெனியே அடையாளங்களைச் சொல்லியிருக்கிறது. அசலில் திருகுக்கு மேல் உள்ள வாஷர் தானாகக் கழன்று வராது. போலியில் விரலால் சுழற்றினால் வந்துவிடும். மேலிருந்து வளைந்து வரும் பூமி மின்முனை, நடு மின்முனையின் நேர் மேலே நிற்க வேண்டும்; ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வேண்டாம். CPR8EA-9 போன்ற குறியில் 8 என்பது வெப்ப எண், கடைசி 9 என்பது 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. டப்பாவில் ஒன்றும் பிளக்கில் வேறொன்றும் இருந்தால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

எந்த வழியாக வந்தது

கம்பெனிப் பாகம் தொழிற்சாலையில் இருந்து கம்பெனியின் கிடங்குக்கு வரும். அங்கிருந்து அங்கீகரிக்கப்பட்ட டீலருக்கும், பகுதி பகுதியாக நியமிக்கப்பட்ட உதிரிப்பாக விநியோகஸ்தருக்கும் போகும். விநியோகஸ்தரிடம் இருந்து சில்லறைக் கடைக்கும் மெக்கானிக்குக்கும் போகும். ஆகவே சென்னை ஜி.பி. ரோட்டிலோ டெல்லி கரோல் பாக்கிலோ உள்ள சாதாரணக் கடையில் அசல் பாகம் கிடைப்பதில் வியப்பில்லை. ஷோரூமில் மட்டும்தான் அசல் கிடைக்கும் என்பது சரியல்ல. கடைக்காரர் விநியோகஸ்தரிடம் வாங்கிய பில்லைக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தப் பகுதி விநியோகஸ்தர் யார் என்பதைக் கம்பெனியின் புகார் எண்ணிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை சாட்சி ஆகாது. ‘ஜெனுயின் பார்ட்ஸ்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்ளலாம். ‘அங்கீகரிக்கப்பட்ட டீலர்’ என்பதைக் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள டீலர் பட்டியலில் சரிபார்த்தால்தான் நம்பலாம்.

சரக்கு வந்த வழியைக் காட்டும் ஒரே தாள் பில். கடைத்தெருவில் பெரும்பாலும் கிடைப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. கடையின் பெயர்கூட இருக்காது. ஜி.எஸ்.டி. பில்லில் கடையின் பெயர், பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. பதிவு எண், வரிசை எண், தேதி இருக்கும். பதிவு எண் தமிழ்நாட்டுக் கடைக்கு 33 என்று தொடங்கும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் கடையின் பெயரும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். பொருளின் விவரத்தில் ‘பிரேக் ஷூ - 1’ என்று மட்டும் இல்லாமல் முழுப் பாக எண்ணும் கம்பெனிப் பெயரும் எழுதச் சொல்ல வேண்டும். அசல் விற்பவர் தயங்க மாட்டார். எண்ணை எழுதக் கேட்டதும், ‘அது கம்பெனி டப்பாதான், ஆனா உள்ள...’ என்று இழுப்பவரிடம் பதில் கிடைத்துவிட்டது.

விலையும் வந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். கம்பெனிப் பாகத்தில் சில்லறைக் கடைக்குக் கிடைக்கும் லாபம் பெரிதல்ல, அதிலிருந்து எம்.ஆர்.பி.யில் கொஞ்சம் தள்ளித் தரலாம். கம்பெனி டப்பாவைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அவர் எந்த விலைக்கு வாங்கினார் என்று யோசிக்க வேண்டும். முழு எம்.ஆர்.பி. வாங்கினார் என்பதும் அசலுக்குச் சான்று இல்லை. மெக்கானிக்குக்குப் போகும் கமிஷன் போலியில்தான் அதிகம் என்பதால், முழு விலை கொடுத்துப் போலி வாங்குபவர்களே கூடுதல்.

இணையக் கடைகளில் பார்க்க வேண்டியது பிராண்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள விற்பனையாளரின் பெயர். ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர் இருப்பார்கள்; படத்தில் இருப்பது கம்பெனி டப்பா, வருவது வெள்ளை டப்பா. விவரத்தில் ‘பொருந்தும்’ என்ற சொல் வந்தாலே அது கம்பெனிப் பொருள் இல்லை என்று கொள்ளலாம்.

அசல் கிடைக்கவே கிடைக்காத வண்டிகளும் உண்டு. யமஹா ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-இல் நின்றது. அதற்கு இன்று ‘கம்பெனி சரக்கு, பழைய ஸ்டாக்’ என்று சொல்லிப் பெரிய விலைக்கு விற்கப்படும் டப்பாக்களில், அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாத மின்னஞ்சல் முகவரியோ க்யூ.ஆர். குறியோ இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இப்படிப்பட்ட வண்டிக்கு, தன் பெயரைத் துணிந்து போட்டு விற்கும் வெளிக் கம்பெனியின் பாகம்தான் நியாயமான வழி. குறை வந்தால் கேட்பதற்கு ஒரு முகவரியாவது இருக்கும்.

போலி என்று உறுதியானால் பொருள், டப்பா, பில் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் படங்களை அனுப்ப வேண்டும். தன் பொருளா இல்லையா என்று சொல்ல வேண்டியது கம்பெனிதான். கடைக்காரர் பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அசல் என்று பொய் சொல்லி விற்கும் பொருளைத் தனியாக வரையறுத்திருக்கிறது; அதை விற்பது தண்டனைக்குரிய குற்றம். மாட்டிய பாகத்தால் விபத்தோ சேதமோ நேர்ந்திருந்தால் அதைக் கழற்றும் முன் வண்டியில் இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, கழற்றிய மெக்கானிக்கிடம் தேதியோடு ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்டிமேட் சீட்டு மட்டும் கையில் இருப்பவருக்கு அந்தக் கடையில்தான் வாங்கினார் என்று நிரூபிப்பதே முதல் சிக்கலாகிவிடும்.